டிரைவர் சீட்டில் ஆள் இல்லை

"மேடம், எனக்கு 41 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பிப்ரவரியில் என் கணவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் நடத்தும் லாரி புக்கிங் ஆபீசை மே மாதத்திலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்போதிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரே கனவு. எங்கள் பழைய ஆம்னி வேனில் நானும் மாமியாரும் பிள்ளைகளும் பின் சீட்டில் இருக்கிறோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வேகமாகப் போகிறது. டிரைவர் சீட்டில் யாருமே இல்லை. ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறேன், கை எட்டவில்லை. சில நாள் நானே முன்னால் இருப்பேன். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்குகிறது, வண்டி நிற்கவில்லை. எதிரில் கன்டெய்னர் லாரி. அலறிக்கொண்டு எழுந்தால் மணி நாலு, நாலரை. நிஜத்தில் எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. விடியற்காலைக் கனவு பலிக்கும், வேனை விற்றுவிடு என்கிறார் மாமியார். காலேஜ் போகும் பையனிடமிருந்து பைக் சாவியை வாங்கி வைத்துவிட்டேன். நடுவில் விழிப்பு வந்தால் கணவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்கு ப்ரொப்ரானலால் 40 என்று மே மாதம் முதல் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு மருந்து இல்லை. எனக்கு மனநோய் ஏதாவது ஆரம்பிக்கிறதா? இல்லை, இது ஏதாவது அறிகுறியா?"
— வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மாரடைப்பு வந்தது பிப்ரவரியில். ஆம்புலன்ஸ், ஐசியு, கையெழுத்துப் போடச் சொன்ன படிவங்கள் எல்லாம் அப்போதுதான் நடந்திருக்கின்றன. ஆனால் கனவு தொடங்கியது மே மாதம். பயம் உச்சத்தில் இருந்த மாதங்களில் வராத கனவு, அவர் வீட்டுக்கு வந்து தேறிக்கொண்டிருக்கும்போது ஏன் வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த நாலரை மணி. உங்கள் வீட்டுப் பயத்தில் பாதி அந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது.

தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண்கள் இப்படியும் அப்படியும் வேகமாக ஓடும் ஒரு கட்டம் வருகிறது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை எழுதி வெளியிட்டார்கள். ரெம் தூக்கம் என்று அதற்குப் பெயர். கதை மாதிரி நீளும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் இது சில நிமிடங்களே இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நீண்டுகொண்டே போய், விடியும் நேரத்தில் அரைமணி வரைகூட ஆகிவிடும். பத்து, பதினொன்றுக்குப் படுக்கிற எவருக்கும் நாலு, நாலரைதான் கனவுக்குக் கூட்டமான நேரம், காசிமேட்டில் மீன் ஏலம் களைகட்டுகிற மாதிரி. அப்போது விழித்துக்கொண்டால் கனவு கையோடு வந்துவிடும். நள்ளிரவில் கண்டுவிட்டுத் தொடர்ந்து தூங்கிப்போன கனவு காலையில் நினைவே இருக்காது.

ஆக, விடியற்காலைக் கனவு அதிகம் என்று நம் பாட்டிகள் கவனித்தது சரி. பலிக்கும் என்பதைத்தான் உங்கள் கணக்கே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு மூன்று என்றால் இதுவரை 25 முறைக்குக் குறையாமல் அந்த வண்டி அந்த லாரியை நோக்கிப் போயிருக்கிறது. வேன் தெருவில் பத்திரமாக நிற்கிறது. பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் போட்ட பக்கத்தை நானும் பார்த்திருக்கிறேன். யானை, குதிரை, தேர் எல்லாம் இருக்கும். டிரைவர் இல்லாத ஆம்னிக்குப் பலன் எழுதியவர் யாரும் இல்லை. மாமியார் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டாலும் சரி. பெரியவர்களுடைய பயத்துக்கும் ஒரு கைப்பிடி வேண்டும். கனவை நம்பி வேனை மட்டும் விற்க வேண்டாம்.

அந்தப் பஞ்சு மூட்டை பிரேக்குக்கும் ஒரு காரணம் சொல்லலாம். ரெம் தூக்கத்தில் மூளைத்தண்டு உடம்பின் தசைகளைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மூச்சுக்கான தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும்தான் வழக்கம்போல வேலை செய்யும். கனவில் ஓடினால் நிஜத்தில் எழுந்து ஓடிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. மூளை "மிதி" என்று உத்தரவு போடுகிறது. கால் கட்டுண்டு கிடக்கிறது. மிதித்த அழுத்தம் திரும்பி வந்து சேரவே இல்லை. கனவில் கால் ஓடாது, குரல் எழும்பாது, பிரேக் பிடிக்காது என்று இத்தனை பேர் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது இன்னும் ஊகம்தான். எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது.

இனி மே மாதத்துக்கு வருவோம். அந்த மாதம் உங்கள் வாழ்க்கையில் இரண்டு விஷயம் புதிதாக நுழைந்திருக்கிறது. ஒன்று மாத்திரை, இன்னொன்று நாற்காலி.

ப்ரொப்ரானலால் இதயத்துடிப்பைத் தணிக்கும் மருந்து. ஒற்றைத் தலைவலி திரும்பத் திரும்ப வராமல் தடுக்கவும் கொடுப்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் இதே வகையில் உள்ள மற்ற சில மருந்துகளைவிட இது மூளைக்குள் எளிதாகப் போகிறது. சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து, கனவுகளைக் கூர்மையாக்கி, கெட்ட கனவாகவும் மாற்றிவிடும். தெரிந்த பக்கவிளைவுதான், மருந்தோடு வரும் தாளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. தேதி பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். மாத்திரை தொடங்கிய தேதி சீட்டில் இருக்கும். முதல் கனவு வந்த நாளை நினைவுபடுத்திப் பாருங்கள். மாத்திரைக்குப் பின் ஓரிரு வாரத்தில் என்றால் சந்தேகம் வலுக்கிறது. கனவு முந்தியது என்றால் மாத்திரையை விட்டுவிடலாம்.

'விட்டுவிடலாம்' என்றது சந்தேகப் பட்டியலிலிருந்து. சாப்பிடுவதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் ரத்த அழுத்தமும் எகிறலாம், தலைவலியும் திரும்பி வரும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், "இந்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கெட்ட கனவு வருகிறது" என்று இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவதா, அளவை மெல்லக் குறைப்பதா, வேறு மருந்துக்குப் போவதா என்று அவர் பார்த்துக்கொள்வார். நம் ஊரில் மாத்திரையையும் கனவையும் சேர்த்து டாக்டரிடம் சொல்பவர்கள் குறைவு. கனவைச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம்.

ஆனால் மாத்திரை ஒரு கனவைச் சத்தமாக்கத்தான் செய்யும், அதில் என்ன ஓடும் என்பதைத் தீர்மானிக்காது. ஏன் வேன், ஏன் காலி சீட் என்பதற்கு நாற்காலியிடம் போக வேண்டும்.

வாகனம் என்றால் வாழ்க்கை, பிரேக் என்றால் மன உறுதி என்று அகராதி போட்டுக் கனவுக்கு அர்த்தம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரே கனவை மீன்பாடி வண்டி ஓட்டுபவர் கண்டால் ஒன்று, கல்யாணம் நிச்சயமான பெண் கண்டால் இன்னொன்று. நான் கேட்பது வேறு: அந்த வண்டிக்குள் இருந்தபோது என்ன உணர்ச்சி, அதே உணர்ச்சி பகலில் எப்போது வருகிறது? லாரி புக்கிங் ஆபீஸ் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்; என் கிளினிக் இருக்கும் தெருவிலேயே இரண்டு இருக்கின்றன. காலையிலிருந்து போன் பேசி, லோடுக்கு வண்டி பிடித்து, வண்டியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வேலை. வண்டி உங்களுடையது இல்லை. ஓட்டுபவர் உங்கள் ஆள் இல்லை. ஹார்பர் கேட்டில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. டிரைவர் போனை எடுக்காவிட்டால் அந்த வண்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பார்ட்டி மட்டும் அரைமணிக்கு ஒரு தடவை உங்களைக் கேட்பார். உங்கள் கணவர் இதை ஆண்டுக்கணக்கில் பழகியிருப்பார். நீங்கள் மூன்று மாதமாகச் செய்கிறீர்கள், அதுவும் அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. ஓட்டத் தெரியாத ஒருவர் பின் சீட்டிலிருந்து ஸ்டியரிங்கை எட்டப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

பகலில் எது மனதை அரிக்கிறதோ அதுதான் இரவிலும் தொடரும் என்று கனவாராய்ச்சியில் ஒரு கருத்து உண்டு. உங்கள் விஷயத்தில் அது அப்படியே பொருந்துகிறது. அதனால் இது மனநோயின் தொடக்கம் என்று நான் நினைக்கவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது என்று பயந்து வருகிறவர்களில் பெரும்பாலோர், பகல் முழுக்க எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான்.

சரி, காரணம் புரிந்தால் கனவு நின்றுவிடுமா? அநேகமாக நிற்காது. திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவு ஒரு கட்டத்துக்கு மேல் பழக்கமாகிவிடுகிறது. ஆரம்பித்து வைத்த காரணம் போன பிறகும் தேய்ந்த தடத்திலேயே ஓடும். அந்தத் தடத்தை மாற்ற ஒரு முறை இருக்கிறது. விழித்திருக்கும்போது கனவின் முடிவை மாற்றி எழுதி, அந்தப் புதிய கனவை மனதுக்குள் தினமும் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்காவில் பேரி கிராக்கோவ் என்ற மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளாகி ஆண்டுக்கணக்காகக் கெட்ட கனவால் அவதிப்பட்ட 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் வெளியிட்டது. பயிற்சி செய்தவர்களுக்குக் கெட்ட கனவும் குறைந்தது, தூக்கமும் தேறியது. இன்று கெட்ட கனவுக்கு மருந்தில்லாமல் செய்யும் சிகிச்சைகளில் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

கேட்டால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். அதனால் என்னிடம் வந்த ஒருவருடைய கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மணலி பக்கத்திலிருந்து ஹார்பருக்குக் கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் டிரைவர், வயது 46. ஒரு மேம்பாலத்து இறக்கத்தில் பைக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, இவர் அடித்த பிரேக்கில் ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து வாரத்தில் நாலு இரவு கனவு: அதே இறக்கம், பெடல் தரை வரை போகிறது, வண்டி நிற்கவில்லை. தூக்கம் போய், பகலில் கேட் வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலேயே கண்ணயர ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பயந்துதான் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார்.

முடிவை மாற்றி எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு நோட்டில் ஒரே வரி எழுதிக்கொண்டு வந்தார்: "பிரேக் பிடித்தது, வண்டி நின்றது." தினமும் ஓட்டிப் பார்த்தாராம், ஒன்றும் குறையவில்லை. "அதை நீங்களே நம்பவில்லையே?" என்று கேட்டேன். "பெடல் கீழே போச்சுன்னா எப்படிம்மா பிடிக்கும்?" என்றார். அங்கேதான் தப்பு நடந்திருந்தது. சிகிச்சை கொடுத்த நான் பிரேக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏர் பிரேக்கில் காற்று முழுக்க இறங்கிப்போனால் என்ன ஆகும் என்று அப்புறம்தான் கேட்டேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். காற்று குறைந்தால் முதலில் பஸ்ஸர் அடிக்கும். இன்னும் இறங்கினால் பின் சக்கரத்தில் இருக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்கை விரிய விடாமல் அழுத்தி வைத்திருப்பதே காற்றுதான். காற்று போனால் ஸ்பிரிங் விரியும், சக்கரம் இறுகும். "ஏர் இல்லன்னா வண்டி ஓடாதும்மா, நகரவே நகராது." சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிரேக் வேறு விதத்திலும் போகலாம், இறக்கத்தில் டிரம் சூடேறிப்போனால் பிடிப்பு குறையும். அதையும் அவரே சொன்னார். ஆனால் கனவில் வந்தது அது இல்லை.

அந்த வாரம் அவர் எழுதியது ஒன்றரைப் பக்கம். இறக்கத்தில் வண்டி போகிறது. பெடல் கீழே போகிறது. பஸ்ஸர் அடிக்கிறது. டேஷ்போர்டில் முள் இடது பக்கமாக இறங்குகிறது. உஸ்ஸென்று சத்தம், பின் சக்கரம் கவ்விப் பிடிக்கிறது, வண்டி உதறிக்கொண்டு நிற்கிறது. இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைக்கிறார். பைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார். கிளீனர் பையன் எதிர்க் கடையில் டீ வாங்கிக்கொண்டு வருகிறான், கிளாஸ் சுடுகிறது. கனவில் பிரேக் போவது போகட்டும் என்று விட்டுவிட்டார், பாருங்கள். அதற்குப் பிறகு நடப்பதை மட்டும் தனக்குத் தெரிந்த விதத்தில் எழுதினார். கேட் வரிசையில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் இதையே கண்ணை மூடி ஓட்டினார். மூன்றாம் வாரத்தில் வாரத்துக்கு இரண்டாகக் குறைந்தது. ஆறாம் வாரத்தில் ஒரு நாள் கனவு வந்து, அதில் பஸ்ஸர் சத்தம் கேட்டதாம். வண்டி நின்றதா இல்லையா என்று தெரியவில்லை, ஆனால் அலறாமல் எழுந்தேன் என்றார். கனவு அடியோடு போய்விடவில்லை. எப்போதாவது வருகிறது, பயமாக இல்லை.

இப்போது உங்கள் வேன். நான் முடிவை எழுதித் தர மாட்டேன், அது உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்லலாம். இந்த மாதிரிக் கனவில் பல மனைவிகள் முதலில் எழுதுவது, "அவர் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார்." ஆசை நியாயமானது. உங்களுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். அவர் கொஞ்சம் களைப்பாகத் தெரிந்த நாளில் அந்த முடிவு உங்களுக்கே நம்பிக்கை தராது. நீங்களே தேர்ந்த டிரைவராகிவிடுவதும் வேண்டாம். அந்த டிரைவர் எழுதிய முதல் வரி மாதிரி ஆகிவிடும்.

இதைச் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், நிற்கிற வேனின் பின் சீட்டில் போய் உட்காருங்கள். பையனை முன்னால் உட்காரச் சொல்லுங்கள். ஸ்டியரிங் எட்டாது, கனவு அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஹேண்ட்பிரேக் இருக்கிறது. முன்னால் சாய்ந்து அதை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். எவ்வளவு இறுக்கம், பிடி எப்படி இருக்கிறது, இழுத்தால் கடகடவென்று பல் ஏறும் சத்தம் எப்படி என்று கை பழகட்டும். அந்த வேனில் யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காவிட்டால் அது தானாக வேகம் குறையும் என்பதையும் பையன் உங்களுக்குச் சொல்வான். எண்ணூர் நெடுஞ்சாலை கடலோரத் தரைமட்டச் சாலை, மலை இறக்கம் இல்லை. யாரும் மிதிக்காத வண்டி அங்கே எவ்வளவு தூரம்தான் ஓடும்? இவற்றை வைத்துக்கொண்டு எழுதுங்கள். வேறு எதுவும் தோன்றினால் அதையும் எழுதலாம். வேன் படகாகிக் காசிமேட்டில் கரை ஒதுங்கினாலும் எனக்குச் சம்மதம், உங்கள் மனதுக்கு ஒத்து வந்தால் போதும்.

எழுதும்போது பழைய கனவை விலாவாரியாக எழுத வேண்டாம். காலி சீட் வரை இரண்டு வரி, அதற்கு மேல் எல்லாம் புதியது. கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. சத்தம், கையில் படுவது, வெயில், கடைசியில் எங்கே இறங்கினீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். அப்புறம் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் அதை மனதுக்குள் ஓட்டுங்கள். பகலில், உட்கார்ந்தபடி செய்வது உத்தமம். படுக்கையில் அரைத்தூக்கத்தில் செய்தால் புதிய கனவு நழுவிப் பழைய கனவுக்குள் போய்விடும். பலருக்கு இந்த முறை பலிக்காமல் போவது இங்கேதான். ஓட்டும்போது கன்டெய்னர் லாரி எதிரே வந்துவிட்டால் கண்ணைத் திறந்து, நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பிரேக் அமுங்கும் கனவை இப்போது தொட வேண்டாம். ஒரு சமயத்தில் ஒன்று போதும். இது தணிந்தால் அதுவும் தணிவதைப் பார்த்திருக்கிறேன். காலண்டரில் கனவு வந்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். முதல் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் கைவிட வேண்டாம். ஆறு வாரத்தில் புள்ளிகள் அப்படியே இருந்தால் இது போதவில்லை, நேரில் வர வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொன்று, கணவர் மூச்சைப் பார்ப்பது. நடுவில் விழிப்பு வந்தால் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பதற்காகவே விழிப்பு வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்குச் சின்னச் சிணுங்கலுக்கும் விழிப்பு வருமே, அப்படி. கனவு கூட்டமாக ஓடும் நேரத்தில் எழுந்தால் கனவும் கூடவே எழும். ஸ்டென்ட் வைத்தவருக்கு உண்மையில் நம் கையில் இருக்கும் காவல், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை ஒரு வேளைகூட விடாமல், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாமல் கொடுப்பது. நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 108ஐக் கூப்பிடுவது. இரண்டும் பகலிலேயே தயாராகச் செய்து வைக்கக்கூடியவை. மாத்திரைப் பெட்டியைப் படுக்குமுன் ஒரு தடவை பார்த்துவிட்டு, மூச்சைப் பார்ப்பதை இந்த வாரம் இரவுக்கு ஒரு தடவையாகக் குறைத்துப் பாருங்கள். அவர் பலமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறினால் மட்டும் கதை வேறு; அதை இதய டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அலறி எழுந்ததும் மணி பார்க்காதீர்கள். காலைத் தரையில் ஊன்றி, விளக்கைப் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுங்கள். மாமியாருக்குக் கதை சொல்வதைக் காலைக் காப்பிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் புதிய முடிவோடு சொல்லுங்கள்.

சில அடையாளங்கள் தெரிந்தால் இந்த நோட்டு வேலையோடு நிறுத்தக்கூடாது. ஆஸ்பத்திரி இரவு பகலிலும் கண்முன் வந்து உலுக்கினால், அந்தப் பக்கமே போக முடியாமல் தவிர்த்தால், கனவில் பிரேக்கை மிதிக்கும்போது நிஜமாகவே கால் உதைத்துப் பக்கத்தில் படுத்தவருக்கு அடிபட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், உடனே நேரில் காட்டுங்கள். உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. போனில் பேசுவதானால் 14416 டெலி மானஸ், இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

கடைசியாகப் பைக் சாவி. அதை வாங்கி வைத்ததும் அன்றைக்குப் பயம் குறைந்திருக்கும், இல்லையா? அந்த நிம்மதிதான் கனவு சொன்னது சரி என்று மனதை மறுபடி நம்பவைக்கிறது. பையனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா, ஹெல்மெட் மாட்டி வாரைப் பூட்டுகிறானா, காலேஜுக்குக் கன்டெய்னர் ஓடும் சாலையில் போகிறானா, உள்தெரு வழி இருக்கிறதா என்று அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதில் சரியாக இல்லாவிட்டால் சாவி உங்களிடமே இருக்கட்டும், அது ஒரு தாய் எடுக்கும் முடிவு. சரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஹேண்ட்பிரேக்கைப் பார்த்துப் பழகிய கையோடு சாவியை அவனிடம் கொடுத்துவிடுங்கள்.